வளரும் பிள்ளைக்குப் பள்ளி பேன்ட்: அளவு, துணி, துவைப்பு பற்றி விவரக்குறிப்பு எழுதும் முறை

"வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றது, உடம்புக்கு இதமானது, நீண்ட நாள் உழைக்கும்." சீருடை விற்கும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும். வாங்க வருபவருக்குத் தெரிய வேண்டியது இதில் எதுவுமே இல்லை. இன்று வாங்கினால் எத்தனை மாதம் போடலாம்? கீழ்மடிப்பைப் பிரித்தால் எத்தனை செ.மீ. இறங்கும்? துவைத்ததும் எவ்வளவு சுருங்கும்? இந்தக் கேள்விகளுக்கு எண்ணாகப் பதில் சொல்வதுதான் விவரக்குறிப்பின் வேலை. அந்த எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எழுதுவது என்பதை இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஒரு முழுக்கால் பேன்ட்டை வைத்துப் பார்க்கலாம். பேன்ட்டை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சீருடையில் முதலில் குட்டையாவதும் அதுதான், முதலில் முட்டியில் தேய்வதும் அதுதான்.

சைஸை வயதில் சொல்லாதீர்கள்

"6–7 வயது" என்ற சீட்டு வசதியானது போலத் தெரியும். ஆனால் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் 10 செ.மீ.க்கு மேல் உயர வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதனால் சைஸின் பெயரே உயரமாக இருப்பது நல்லது: 116, 122, 128, 134. ஐரோப்பியக் குழந்தை உடை அளவுகள் இப்படி 6 செ.மீ. இடைவெளியில்தான் போகின்றன. நான்கு வயதிலிருந்து பருவ வளர்ச்சி தொடங்கும் வரை பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளர்கிறார்கள். ஆகவே ஒரு சைஸ் என்பது கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. "ஒரு சைஸ் பெரிசா எடு" என்று வீட்டில் சொல்வதன் பொருள், ஓர் ஆண்டை முன்கூட்டியே வாங்கு என்பதுதான்.

இந்தக் கணக்கு பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பருவ வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் 8 முதல் 10 செ.மீ. வரை உயரலாம். பெண்பிள்ளைகளுக்கு அது முன்னதாகவும் ஆண்பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு கழித்தும் வரும். 146-க்கு மேற்பட்ட சைஸ்களில் "ஓர் ஆண்டு வரும்" என்று எழுதாமல், எத்தனை செ.மீ. இறக்கலாம் என்பதை மட்டும் எழுதிவிடுவது நேர்மை.

தைத்த பேன்ட்டை அளந்து எழுதுங்கள்

உடம்பின் அளவு வேறு, உடுப்பின் அளவு வேறு. சைஸ் அட்டவணையில் இரண்டும் கலந்து கிடப்பதுதான் திருப்பி அனுப்பப்படும் உடைகளுக்குப் பெரிய காரணம். பேன்ட்டைத் தட்டையான மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, நான்கு இடங்களை அளந்தால் போதும்.

முதலாவது, உள்கால் நீளம்: கவட்டைத் தையல் கூடும் இடத்திலிருந்து கால் ஓரம் வரை. இரண்டாவது, இடுப்பு: எலாஸ்டிக் சும்மா கிடக்கும்போது ஒன்று, துணி முழுதாக விரியும் வரை இழுத்தால் ஒன்று என இரண்டு எண்கள். மூன்றாவது, முன் உயரம்: கவட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் ஓரம் வரை. நான்காவது, கீழ்மடிப்புக்குள் மறைந்திருக்கும் துணியின் அகலம். கடைசி இரண்டையும் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் பேன்ட் எத்தனை நாள் வரும் என்பதை முடிவு செய்வது அவைதான்.

வாங்குபவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: "பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் ஒரு பேன்ட்டை இதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள்." அசைந்துகொண்டே நிற்கும் பிள்ளையின் காலை டேப்பால் அளப்பதைவிட இதில் பிழை குறைவு.

மடிப்புக்குள் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

எடுத்துக்காட்டாக, 122 சைஸ் பேன்ட்டில் உள்கால் 55 செ.மீ., கீழ்மடிப்பு 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். "6 செ.மீ. இறக்கலாம்" என்று எழுதினால் தவறு. பிரித்த பிறகு ஓரத்தைத் திரும்ப மடித்துத் தைக்க 2 செ.மீ. வேண்டும். கிடைப்பது 4 செ.மீ. மட்டுமே. தனித் துணிப்பட்டை கொடுத்து ஓரம் முடித்தால் இன்னும் கொஞ்சம் மிச்சப்படும். ஆனால் அது தையற்காரர் வேலை, எல்லா வீட்டிலும் நடக்காது. எனவே 4 என்றே எழுதுங்கள்.

இங்கே வெட்டிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கால் கீழே போகப் போகக் குறுகும் பேன்ட்டில், மேலே மடிக்கப்படும் துணி, தான் ஒட்ட வேண்டிய இடத்தைவிடச் சிறியதாக இருக்கும். அதை அப்படியே மடித்துத் தைத்தால் ஓரம் இழுத்துக்கொண்டு சுருங்கும். இதைத் தவிர்க்க, நல்ல வெட்டில் மடிப்புப் பகுதியை மட்டும் எதிர்ப்பக்கம் விரிந்துபோகும்படி வெட்டுவார்கள். மடிப்பு அழகாகப் படியும். ஆனால் ஓராண்டு கழித்துப் பிரிக்கும்போது கால் நுனி மட்டும் மணி மாதிரி விரிந்து நிற்கும். பக்கத் தையலையும் பிடித்துத் தைத்தாக வேண்டும். முட்டிக்குக் கீழே நேராக இறங்கும் கால் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே "நேர்க்கால், மடிப்பைப் பிரித்தால் வேறு தையல் தேவையில்லை" என்ற வரி வெறும் அலங்காரமில்லை. குறுகும் கால் என்றால் "இறக்கும்போது பக்கத் தையலையும் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

சுருக்கத்தைக் கழித்த பிறகுதான் கணக்கு

துணி வாங்கும்போது சுருக்க விகிதம் சொல்லப்படும். அதை நம்பி எழுதுவதைவிட நீங்களே பார்த்துவிடலாம். அரை மீட்டர் துணியும் ஒரு வாரமும் போதும். 50 செ.மீ. சதுரமாக வெட்டி, ஓரங்களை ஓவர்லாக் அடித்து, அழியாத பேனாவால் நீளவாக்கில் 40 செ.மீ. இடைவெளியிலும் அகலவாக்கில் 40 செ.மீ. இடைவெளியிலும் குறியிடுங்கள். வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே ஐந்து முறை துவைத்து, ஒவ்வொரு முறையும் முழுதாகக் காயவிட்டு, இழுக்காமல் விரித்து அளக்க வேண்டும். ஒரு துவைப்போடு நிறுத்தக் கூடாது. பருத்தியும் விஸ்கோஸும் கலந்த துணிகள் இரண்டாம், மூன்றாம் துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 40 என்பது 39.2 ஆனால் சுருக்கம் 2 சதவீதம், 38.8 ஆனால் 3 சதவீதம். பேன்ட்டில் முக்கியமானது நீளவாக்குச் சுருக்கம், அதாவது பாவு நூல் ஓடும் திசை. நெசவிலும் பதப்படுத்தும் வேலையிலும் அதிகம் இழுக்கப்படுவது அந்த நூல்தான். தண்ணீர் பட்டதும் இழுப்பதற்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பப் போகப் பார்க்கும்.

நம் பேன்ட்டுக்கு 2 சதவீதம் என்று வைப்போம். 55 செ.மீ. உள்கால் சில துவைப்புகளில் 53.9 ஆகிவிடும். மடிப்பைப் பிரித்தால் 59 கிடைக்க வேண்டிய இடத்தில் 57.8 கிடைக்கும். பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் உள்கால் 53 என்றால், மொத்தம் 4.8 செ.மீ. வளரலாம்.

உயரத்தில் ஏறும் 6 செ.மீ.யில் ஏறக்குறைய பாதி காலில் ஏறுகிறது. ஆண்டுக்கு 3 செ.மீ. என்று வைத்தால், 4.8-ஐ 3-ஆல் வகுக்க 1.6 ஆண்டு வருகிறது. நீளத்தை மட்டும் பார்த்தால் ஒன்றரை ஆண்டு. மடிப்பைப் பிரிக்காமல் போட்டால் 0.9 செ.மீ.தான் மிச்சம், அதாவது மூன்று நான்கு மாதம். முதல் பருவம் முடிவதற்குள் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதை வாங்குபவர் முன்பே தெரிந்துகொள்ள வேண்டாமா?

இடுப்பு விரியும், முன் உயரம் விரியாது

பிள்ளைகள் அகலத்தைவிட உயரத்தில்தான் வேகமாக வளர்கிறார்கள். எனவே இடுப்பில் இடம் விடுவது எளிது. பட்டிக்குள் காஜா போட்ட எலாஸ்டிக் ஓடவிட்டு, இரு பக்கமும் உள்பட்டன் வைத்தால், சும்மா கிடக்கும்போது 52 செ.மீ., முழுதாக இழுத்தால் 60 செ.மீ. என்று அமையும். 54 செ.மீ. இடுப்புள்ள பிள்ளைக்கு இது நீளத்தைவிட அதிக நாள் தாங்கும். எழுதும்போது இரண்டு எண்களையும் கொடுங்கள். "எலாஸ்டிக் இடுப்பு" என்று மட்டும் எழுதினால், 52 செ.மீ. எலாஸ்டிக் 60-க்கு இழுபட்டு நாள் முழுக்க வயிற்றை அழுத்துமா என்பது தெரியாது. முழு இழுப்பு வரை போகாமல் அதற்கு இரண்டு செ.மீ. கீழேயே நிற்கும் இடுப்புதான் வசதியான இடுப்பு. ஆகவே "52 முதல் 58 வரை வசதி" என்று எழுதலாம்.

முன் உயரம் அப்படியல்ல. கவட்டைக்கும் இடுப்புக்கும் இடையே இருக்கும் துணியைக் கூட்ட வழியே இல்லை. பின் தையலில் 2 செ.மீ. உள்ளே விட்டிருந்தால் அகலம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. பிள்ளை வளர வளர பேன்ட் பின்னால் இறங்கும்; உட்காரும்போது கவட்டையில் இழுக்கும்; கீழே எவ்வளவு இறக்கினாலும் அது தீராது. "இரண்டு ஆண்டு வரும்" என்று மடிப்பை மட்டும் பார்த்து எழுதப்படும் வாக்குறுதிகள் தோற்பது இங்கேதான். 10 செ.மீ. மடிப்பு வைத்த பேன்ட்டும் முன் உயரத்தில் ஒரு சைஸுக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். அதனால் நம் பேன்ட்டுக்கு நீளக் கணக்கு ஒன்றரை ஆண்டு காட்டினாலும், எழுத வேண்டியது "ஒரு பள்ளி ஆண்டு" மட்டுமே. மிச்சம் வந்தால் வாங்கியவருக்கு லாபம்.

துணியை எப்படிச் சொல்வது

"காட்டன் மிக்ஸ்" என்பது விவரமே இல்லை. எது எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். 65/35 என்று மட்டும் எழுதினாலும் போதாது. பாலியஸ்டர் 65-ஆ, பருத்தி 65-ஆ என்று இரு விதமாகவும் படிக்கலாம். இந்த வேறுபாடு உடம்பில் தெரியும். சாதாரண காற்று ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. வியர்க்கும் பிள்ளைக்குப் பாலியஸ்டர் அதிகமான சட்டை முதுகில் ஒட்டுவதன் காரணம் இதுதான். அதே சட்டை விரைவில் காயும், கசங்காது, சாயமும் நன்றாக நிற்கும். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் மற்றதும் பொய்யாகிவிடும்.

பேன்ட் துணிக்குப் பாலியஸ்டர் 65, விஸ்கோஸ் 35 என்ற கலவை பரவலானது. விஸ்கோஸ் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், தொட மென்மையாக இருக்கும். ஆனால் நனைந்த நிலையில் அதன் வலு குறையும். ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அது சீக்கிரம் நைந்துபோகும். இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டாலே பல குறைகூறல்கள் வராது.

எடையையும் சேர்க்க வேண்டும்: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். சட்டைத் துணி 110 முதல் 130 வரை, பேன்ட் துணி 200 முதல் 240 வரை இருந்தால் பள்ளிக்குச் சரி. வெள்ளைச் சட்டை 100-க்குக் கீழே போனால் உள்பனியன் தெரியும். பேன்ட் 180-க்குக் கீழே போனால் முட்டி தாங்காது.

மற்றபடி, பிள்ளை "குத்துது" என்று சொல்வது பெரும்பாலும் துணியைப் பற்றி இருக்காது. துணி தோலில் முடியும் இடத்தைப் பற்றியது. இடுப்பு எலாஸ்டிக் நேரடியாகத் தோலில் படுகிறதா, பட்டிக்குள் இருக்கிறதா? ஜிப்புக்குப் பின்னால் மறைப்புத் துணி உண்டா? அளவுச் சீட்டு அச்சடித்ததா, தைத்ததா? கவட்டையில் ஓவர்லாக் தையல் தடித்து நிற்கிறதா? பேன்ட்டை உள்பக்கம் புரட்டி, விரலால் தடவிப் பார்த்து, கண்டதை எழுதுங்கள்.

எத்தனை துவைப்பு தாங்க வேண்டும்

ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைப்போம். ஒவ்வொரு நாளும் போட்டதைத் துவைக்கும் வீட்டில், இரண்டு பேன்ட் இருந்தால் ஒவ்வொன்றும் 100 முறை, மூன்று இருந்தால் சுமார் 67 முறை துவைக்கப்படும். ஆக, ஒரு பள்ளி ஆண்டுக்கு என்று எழுதினால் குறைந்தது 70 துவைப்பு தாங்க வேண்டும். ஐந்து முறை துவைத்துச் சுருக்கம் பார்த்தது போதும். சாயமும் தேய்மானமும் பார்க்க அது போதாது. ஒரு மாதிரி பேன்ட்டை 25 முறையாவது துவைத்துவிட்டு, துவைக்காத ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்தப் படத்தையே விவரக்குறிப்பில் சேர்க்கலாம். எந்த வார்த்தையைவிடவும் அது நம்பிக்கை தரும்.

பார்க்க வேண்டியவை மூன்று. நிறம் மங்கியதா என்பது முதலாவது. கலவைத் துணியில் பருத்தியும் விஸ்கோஸும் தேய்ந்து வெளிற, பாலியஸ்டர் அப்படியே நிற்கும். முட்டியிலும் பாக்கெட் ஓரத்திலும் சாம்பல் பூத்த மாதிரி தெரிவது அதனால்தான். இரண்டாவது, பிசிறு உருண்டைகள். தொடைகள் உரசும் இடத்தில் தேடுங்கள். முழுப் பருத்தியில் அவை உருண்டு உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் பிடித்துக்கொண்டே நிற்கும். மூன்றாவது, எலாஸ்டிக். அளந்து பாருங்கள். 52 செ.மீ. ஆக இருந்தது 54-க்குத் திரும்பினால் ஆண்டு முடிவில் தொளதொளப்பாகிவிடும். உலர்த்தி இயந்திரத்தின் சூடும் குளோரின் கலந்த வெளுப்பானும் எலாஸ்டிக்கை விரைவில் கெடுக்கும். துவைக்கும் குறிப்பில் இந்த இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சாய உறுதியை ஆய்வகத்தில் பார்த்திருந்தால் தர எண்ணைக் கொடுக்கலாம். துவைப்புக்கும் உராய்வுக்கும் 1 முதல் 5 வரை. 5 சிறந்தது, 4 பள்ளி உடைக்கு நல்லது. சோதனை செய்யாமல் "சாயம் போகாது" என்று எழுத வேண்டாம்.

மடிப்பைப் பிரித்ததும் தெரியும் கோடு

வளர்ச்சிக்கு விட்ட துணியும் துவைப்பும் மோதிக்கொள்ளும் இடம் இது. நாற்பது துவைப்புக்குப் பிறகு மடிப்பைப் பிரித்தால், உள்ளே ஒளிந்திருந்த 4 செ.மீ. புதுசு போலக் கருநீலமாக இருக்கும், மேலே இருப்பது மங்கியிருக்கும், நடுவே பழைய ஓரம் தேய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணியில் இன்னொன்றும் சேரும்: சூடான இஸ்திரி மடிப்பைப் பதிய வைத்துவிடும், பிறகு நீவினாலும் போகாது.

முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். உள்பக்கம் புரட்டித் துவைத்து நிழலில் காயப்போட்டால் வெளிப்பக்கம் மெதுவாக மங்கும். ஓரத்தை மட்டும் அழுத்தி இஸ்திரி போடாமல் விட வேண்டும். எழுதும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். துணித் துண்டு ஒன்றில் 6 செ.மீ. மடிப்புத் தைத்து, 25 முறை துவைத்து, இஸ்திரி போட்டு, பிரித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் தெரியும் என்று எழுதுங்கள். சாம்பல், காக்கி போன்ற நிறங்களில் குறைவாகவும், கருநீலம், மெரூன், பச்சையில் அதிகமாகவும் தெரியும்.

எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும்

இத்தனை வேலைக்குப் பிறகு விவரக்குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நம் பேன்ட்டுக்கு இவ்வளவு போதும்:

"முழுக்கால் பள்ளி பேன்ட், கருநீலம், சைஸ் 122 (116 முதல் 122 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு). பாலியஸ்டர் 65%, விஸ்கோஸ் 35%, சதுர மீட்டருக்கு 220 கிராம். உள்கால் 55 செ.மீ.; ஐந்து துவைப்பில் சுமார் 1 செ.மீ. சுருங்கும். கீழ்மடிப்பைப் பிரித்தால் 4 செ.மீ. இறக்கலாம், நேர்க்கால், வேறு தையல் தேவையில்லை. இடுப்பு 52 முதல் 58 செ.மீ. வரை வசதி, காஜா எலாஸ்டிக் பட்டிக்குள் இருப்பதால் தோலில் படாது. முன் உயரம் 21 செ.மீ., இதைக் கூட்ட முடியாது. முட்டியில் உள்துணி வைத்துத் தைத்தது. சரியான சைஸ் எடுத்தால் ஒரு பள்ளி ஆண்டு போடலாம். உள்பக்கம் புரட்டித் துவைக்கவும், அடித்துத் துவைக்க வேண்டாம், குளோரின் வெளுப்பான் வேண்டாம், நடுத்தரச் சூட்டில் இஸ்திரி. பல மாதம் கழித்து மடிப்பைப் பிரித்தால் பழைய ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும்."

கடைசி வரியை விற்பவர்கள் நீக்கச் சொல்வார்கள். நீக்காதீர்கள். அந்தக் கோட்டை வீட்டில் முதன்முதலாகப் பார்த்து அதிர்பவர்தான் அடுத்த ஆண்டு வேறு இடம் தேடுவார்.

இதே முறையைச் சட்டைக்கும் பினஃபோருக்கும் கொண்டுபோகலாம், எல்லை மட்டும் மாறும். சட்டையில் மாற்ற முடியாதது தோள் அகலம். தோள் தையல் கைப்பக்கம் 1 செ.மீ. இறங்கி நிற்பது வரை பெரிதாக எடுக்கலாம், அதற்கு மேல் போனால் கை தூக்கும்போது சட்டை முழுதும் மேலே ஏறும். பினஃபோரில் மாற்ற முடியாதது தோளிலிருந்து இடுப்புக் கோடு வரையுள்ள நீளம். தோள்பட்டையில் இரண்டு பட்டன் வரிசை வைத்திருந்தால் அதிலும் 3 செ.மீ. கிடைக்கும். எந்த உடையானாலும் கூட்டவே முடியாத அளவை முதலில் கண்டுபிடித்து, எத்தனை நாள் வரும் என்பதை அதை வைத்தே எழுதுங்கள். துணி வேறு கட்டிலிருந்து வந்தால் சுருக்கச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதே பெயர், அதே நிறம் என்றாலும் சுருக்கம் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.